காதால் பார்த்த படங்கள்

காணும் பொங்கல் அன்று மாலை கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் 8 நொடி மட்டும் ஒரு வசனம் ஓடியது. தருமியும் சிவனும் பேசிக்கொள்ளும் காட்சியிலிருந்து வெட்டிய துண்டுதான், ஆனால் அதில் நாகேஷின் குரலும் இல்லை, சிவாஜியின் குரலும் இல்லை. அவர்கள் பேசி முடித்தபின் வரும் ஓர் இடைவெளியும் இசையும்தான் இருந்தன. என் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பேத்தியின் காதில் ஏதோ சொன்னார். அவள் தாளில் ‘திருவிளையாடல்’ என்று எழுதி நீட்டினாள்.

“எப்படி அப்பத்தா?” என்று கேட்டாள் அவள்.

“நான் அந்தப் படத்தைப் பாக்குறதுக்கு முன்னாடியே முழுசாக் கேட்டுட்டேன்டி” என்றார் அம்மா.

திருவிளையாடல் வெளியானது 1965இல். அப்போது அம்மாவுக்குப் பதினான்கு வயது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டிக் கதை வசன இசைத்தட்டு போடுவார்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். ஊருக்கு டூரிங் டாக்கீஸ் வந்து படம் திரைக்கு வருவதற்குள் வசனம் முழுவதும் மனப்பாடமாகியிருக்கும். அந்தத் தலைமுறைக்குப் படம் என்பது பாதிக்கு மேல் காதில் விழுந்த பொருள். என் தலைமுறை வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்த்தும் ஒலிநாடா தேயத் தேய இளையராஜாவைக் கேட்டும் வளர்ந்தது, எங்களுக்கு வாசல் இசைதான். என் அண்ணன் மகளுக்கோ வடிவேலுவின் முகபாவம் ஒவ்வொன்றும் அத்துப்படி, அது எந்தப் படத்தில் வருகிறது என்பது பல நேரம் தெரியாது. அவளுக்குப் படம் என்பது கைப்பேசியில் நிற்கும் ஒற்றைச் சட்டகம்.

வசனம், இசை, நிழற்படம் என்று மூன்று சுற்று வைப்பது வெறும் மாறுதலுக்காக அல்ல என்பதை நான் நாலைந்து பொங்கல்களில் மெல்லப் புரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை மூன்று வாசல் வழியாகப் படத்துக்குள் போயிருக்கிறது. எந்தப் படத்துக்கு எந்த வாசலைத் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதில்தான் வினாடி வினா நடத்துபவரின் வேலை இருக்கிறது.

முதலில் ஆள், பிறகு படம்

பட்டியல் போடும்போது எல்லோரும் செய்யும் பிழை, தனக்குப் பிடித்த படங்களிலிருந்து தொடங்குவது. நானும் முதல் ஆண்டு அப்படித்தான் செய்தேன். கேள்விகளில் பாதிக்கு மேல் 1980களின் படங்கள். என் தம்பியும் நானும் எங்களுக்குள் பேசிக்கொண்ட மாதிரி ஆயிற்று. அம்மா பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

இப்போது பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே வரப்போகும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச்சுவாக்கில் ஐந்து படம் கேட்டு வாங்கிவிடுகிறேன்: “நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் பாப்பேன்னு சொல்ற படம் எது?” பன்னிரண்டு பேர் சொன்னால் அறுபது பெயர் வரும், திரும்ப வருபவற்றை நீக்கினால் நாற்பது நிற்கும். அதில் இரண்டு தலைமுறையாவது சொன்ன படங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் ‘காதலிக்க நேரமில்லை’ (1964), ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ‘தில்லு முல்லு’ (1981), ‘கரகாட்டக்காரன்’ (1989), ‘பாட்ஷா’ (1995) ஆகியவை எப்போதும் அப்படி நிற்கும். ஒரே ஒருவர் மட்டும் சொன்ன படத்திலிருந்து ஆளுக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேள்வி வரும்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

சுற்றுக்கு 8 கேள்வி, மூன்று சுற்றுக்கு 24. ஒரு கேள்விக்குத் துண்டைப் போட்டு, எழுதி வாங்கி, விடை சொல்லி, அந்தப் படத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசி முடிக்க ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிடிக்கும். நடுவில் காபி, முறுக்கு எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் இழுத்தால் சிறுவர்கள் நெளியத் தொடங்குவார்கள்.

அணி பிரிப்பதில் ஒரு விதிதான்: ஒவ்வோர் அணியிலும் மூன்று தலைமுறையும் இருக்க வேண்டும். நால்வர் கொண்ட மூன்று அணி. விடையைக் கத்தக் கூடாது, தாளில் எழுதித் தர வேண்டும். இந்தச் சின்ன விதியால்தான் மெதுவாகப் பேசும் சித்தியின் விடைக்கும் வழி பிறந்தது. கத்தும் ஆட்டத்தில் உரத்த குரல் ஒன்றோ இரண்டோதான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும்.

வசனம்: நாயகனை விட்டு எதிராளியை வெட்டுங்கள்

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தில் ஜாக்சன் துரையோடு நடக்கும் வாக்குவாதம் தமிழ்நாட்டில் பள்ளி மாறுவேடப் போட்டி வரைக்கும் போன காட்சி. அதில் சிவாஜியின் குரலை அரை நொடி போட்டால் போதும், கேள்வி செத்துவிடும். ஆனால் அதே காட்சியில் ஜாக்சனாக வரும் சி.ஆர். பார்த்திபனின் வசனத்தை மட்டும் வெட்டிப் போடுங்கள். எல்லோரும் ஒரு கணம் திகைப்பார்கள். அதற்குப் பதிலாக வரும் வசனம் மனதில் தானாக ஓடும், அதிலிருந்து படத்தைப் பிடிப்பார்கள். கேள்வியைக் கேட்டதும் பதிலின் எதிரொலி உள்ளே கேட்கும்படி வெட்டுவதுதான் நல்ல வசனத் துண்டு.

நீளம் 6 நொடியிலிருந்து 10 நொடி. துண்டில் பாத்திரத்தின் பெயரோ ஊர்ப் பெயரோ வந்துவிடக் கூடாது. வாக்கியத்தின் நடுவில் வெட்டினால் காதுக்கு உறுத்தும், பெரியவர்களுக்கு அது சொல்லே விளங்காது. மூச்சு விடும் இடத்தில் தொடங்கி மூச்சு விடும் இடத்தில் முடியுங்கள்.

குரலை நம்பிக் கேள்வி அமைக்கும்போது ஓர் எச்சரிக்கை. ‘முதல் மரியாதை’ (1985) படத்திலிருந்து ராதாவின் வசனத்தைப் போட்டு “இது யார்?” என்று ஒருமுறை கேட்டேன். ஓர் அணி ராதிகா என்று எழுதியது, இன்னோர் அணி ராதா என்றது. இரண்டுமே சரி. திரையில் நடித்தவர் ராதா, அவருக்குக் குரல் கொடுத்தவர் ராதிகா. அன்று இரண்டு அணிக்கும் புள்ளி கொடுத்தேன். அதற்குப் பிறகு குரலுக்குரிய ஆளைக் கேட்பதை விட்டுப் படத்தைத்தான் கேட்கிறேன்.

ஆளைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் சொந்தக் குரலில் பேசிய பழைய நடிகர்களிடம் போங்கள். டி.எஸ். பாலையா இதற்குத் தங்கச் சுரங்கம். ‘திருவிளையாடல்’ படத்தில் பாட வந்து கர்வத்தில் மிதக்கும் ஏமநாத பாகவதர், ‘காதலிக்க நேரமில்லை’யில் பணக்கார அப்பா விசுவநாதன், ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் தவில் வாசிக்கும் முத்துராக்கு. மூன்றிலிருந்தும் ஐந்தைந்து நொடி எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, “மூன்றிலும் யார்?” என்று கேளுங்கள். மூன்று பாத்திரத்துக்கும் பேச்சு வேறு, தோரணை வேறு. ஆனால் அந்தக் கரகரப்பு ஒன்றே. இளையவர்கள் முதல்முறையாக அந்தப் பெயரைக் கேட்பார்கள், அடுத்த முறை தாமே கண்டுபிடிப்பார்கள்.

வசனமே எடுக்க முடியாத காட்சியும் உண்டு. ‘பாட்ஷா’வில் தங்கைக்குக் கல்லூரி இடம் கேட்கப் போகும் மாணிக்கம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பேசுவது நமக்குக் கேட்காது. எதிரே இருப்பவர் முகம் மாறுவதைத்தான் பார்க்கிறோம். அதன் உயிர் முழுவதும் கேட்காத பேச்சில் இருக்கிறது. அதை நிழற்படச் சுற்றுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இசை: மூன்று படிகள்

இசைச் சுற்றை நான் படிப்படியாகத் திறக்கிறேன். ஒரே படத்திலிருந்து மூன்று துண்டு. முதல் துண்டிலேயே எழுதிக் கொடுத்தால் 3 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. ஓர் அணி ஒரு முறைதான் தாளை நீட்டலாம், தவறாக இருந்தால் அந்தக் கேள்வியில் அவர்கள் ஆட்டம் முடிந்தது. இந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் அணிக்குள் பேச்சு நடக்கிறது. “இப்பவே குடுத்துடலாமா, இன்னும் ஒண்ணு கேக்கலாமா” என்று தலைகள் நெருங்கும்.

ஒரு கேள்வியை முழுதாகச் சொல்கிறேன். படம் ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். இசை கே.வி. மகாதேவன். திரையில் சிவாஜி வாசிக்கும் நாகசுரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி.

முதல் படியாக நாகசுரமும் தவிலும் மட்டும் ஒலிக்கும் 8 நொடி. இதைக் கேட்டதும் எங்கள் கூடம் மூன்றாகப் பிரிந்தது. அம்மா அணி யோசித்தது, அவசரப்படவில்லை. காரணம், அம்மாவின் நினைவில் இன்னொரு நாகசுரப் படமும் இருந்தது: காருகுறிச்சி அருணாசலம் நாகசுரம் வாசிக்க எஸ். ஜானகி பாடிய ‘கொஞ்சும் சலங்கை’ (1962). இரண்டில் எது என்று தெரியாமல் 3 புள்ளிக்கு ஆசைப்பட அவர் தயாராக இல்லை. என் தம்பி அணி உடனே ‘கரகாட்டக்காரன்’ என்று எழுதி நீட்டி ஆட்டத்தை இழந்தது.

இரண்டாம் படியாக அதே வாசிப்பில் சலங்கையும் ஜதியும் சேரும் இடம், இன்னொரு 8 நொடி. நாகசுரத்துக்கு எதிராக நாட்டியம் நிற்கும் போட்டி என்பது இப்போது தெரிந்துவிடும். அம்மா அணி எழுதிக் கொடுத்து 2 புள்ளி வாங்கியது. மூன்றாம் படி ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவின் குரல். மீதி அணி அதில் பிடித்தது.

முதல் படி எல்லா நாகசுரப் படங்களையும் உள்ளே விட்டது, இரண்டாவது அவற்றில் ஒன்றைத் தவிர மற்றதை வெளியே தள்ளியது, மூன்றாவது கைகொடுத்துத் தூக்கிவிட்டது. மூன்று துண்டும் ஒரே அளவு கடினமாக இருந்தால் படி என்பதற்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு படிக்கும் புதிதாக ஒரு தகவலாவது வர வேண்டும்.

தம்பியின் தவறான விடையும் வீணாகவில்லை. இரண்டு கலைஞர்கள், போட்டி, அந்தப் போட்டிக்குள்ளேயே வளரும் காதல், நடுவில் வந்து கெடுக்கும் பெரிய மனிதர்கள் என்று ‘தில்லானா’வுக்கும் ‘கரகாட்டக்காரனு’க்கும் உள்ள உறவைப் பற்றிக் கால் மணி நேரம் பேச்சு ஓடியது. தவறான விடைக்கும் ஒரு காரணம் இருந்தால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி.

பாடலில் முன்னிசையை எடுப்பதா, இடையிசையை எடுப்பதா? முன்னிசை எல்லோருக்கும் தெரிந்தது, கேட்டதும் வாய் தானாகப் பாடத் தொடங்கும். அது மூன்றாம் படிக்குத்தான் ஏற்றது. முதல் படிக்கு இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையை எடுங்கள். இளையராஜா பாடல்களில் முதல் இடையிசையும் இரண்டாம் இடையிசையும் வெவ்வேறாக இருப்பது வழக்கம். ஆயிரம் முறை பாட்டைக் கேட்டவர்கூட இரண்டாவதைத் தனியாகக் கேட்டால் ஒரு கணம் தடுமாறுவார்.

பின்னணி இசைக்கும் ஒரு கேள்வியாவது வையுங்கள். ‘மௌன ராகம்’ (1986), ‘பம்பாய்’ (1995) இரண்டின் கருப்பொருள் இசையையும் படம் பார்க்காதவர்கள்கூடக் கைப்பேசி அழைப்பொலியாகக் கேட்டிருப்பார்கள். அதைக் கேட்டு “தெரியும், ஆனா எங்கன்னு தெரியல” என்று தலையைச் சொறிவதே ஒரு தனி இன்பம்.

மறுபதிப்புப் பாடல்களில் மட்டும் கவனம் வேண்டும். ‘சொர்க்கம்’ (1970) படத்தின் பாட்டு ஒன்றை ஏ.ஆர். ரகுமான் 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில் புதிதாக அமைத்தார். அதே மெட்டைப் போட்டால் பெரியப்பா ஒரு படம் சொல்வார், பேரன் வேறு படம் சொல்வான். இருவரும் சொன்னது சரியா என்பது எந்தப் பதிவை வெட்டினோம் என்பதைப் பொறுத்தது. இந்தச் சிக்கலைத் தவிர்க்காமல் அதையே கேள்வியாக்கிவிடலாம்: “இந்த மெட்டு இரண்டு படத்தில் இருக்கிறது, இரண்டையும் எழுதுங்கள்.” பெரியவரும் சிறியவரும் ஒரே அணியில் இல்லாவிட்டால் முழுப் புள்ளி கிடைக்காது.

நிழற்படம்: முகத்தை விட்டுப் பொருளைப் பாருங்கள்

நிழற்படச் சுற்று பார்ப்பதற்குச் சுலபம், அமைப்பதற்குக் கடினம். நாயகன் முகம் தெரிந்தால் அடுத்த நொடி விடை வந்துவிடும். முகமே இல்லாத வெறும் சுவரைப் போட்டால் யாருக்கும் தெரியாது. நடுவில் இருப்பது பொருள்: ‘சந்திரலேகா’வில் (1948) வரிசையாக நிற்கும் ராட்சத முரசுகள், ‘கரகாட்டக்காரனி’ல் தள்ளிக்கொண்டே போகும் அந்தப் பழைய கார், ‘மூன்றாம் பிறை’ (1982) முடிவில் வரும் மழை நனைந்த ரயில் நிலையம். கதையின் கனம் எந்தப் பொருளில் இறங்கியிருக்கிறதோ அந்தச் சட்டகத்தைப் பிடிக்க வேண்டும்.

ஒரே காட்சியைக் காதுக்குக் கொடுப்பதற்கும் கண்ணுக்குக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ‘காதலிக்க நேரமில்லை’யில் பார்க்கலாம். நாகேஷ் தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையைப் பாலையாவுக்குச் சொல்லும் காட்சி. ஒலியை மட்டும் கேட்டால் அது நாகேஷின் காட்சி: கதவு, காற்று, காலடி என்று எல்லாச் சத்தத்தையும் அவரே எழுப்புகிறார். ஒலியை நிறுத்திவிட்டுச் சட்டகத்தை மட்டும் பார்த்தால் அது பாலையாவின் காட்சி: பயத்தில் கண் விரிந்து, உடல் சுருங்கி, ஒரு சொல்கூடப் பேசாமல் அவர் நடிக்கிறார். நான் அதில் பாலையாவின் முகத்தை மட்டும் நிறுத்தி, “இந்த நேரத்தில் இவர் காதில் என்ன விழுகிறது?” என்று கேட்டேன். படத்தின் பெயரைக் கேட்பதைவிட இந்தக் கேள்விக்குக் கூடம் அதிகம் கலகலத்தது.

சட்டகத்தை வெட்டும்போது ஓரங்களைப் பாருங்கள். தொலைக்காட்சி நிறுவனத்தின் சின்னம், ஒலிநாடா நிறுவனத்தின் பெயர், கீழே ஓடும் மொழிபெயர்ப்பு வரி எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் படத்தின் அகல உயர விகிதத்தை மாற்றாதீர்கள். பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. ஆகவே திரையில் அகலமான சட்டகம் தெரிந்தால் படம் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்று தெரிந்தவர் ஊகித்துவிடுவார். அது நியாயமான துப்பு. தொலைக்காட்சி முழுவதும் நிரம்பட்டும் என்று இழுத்துப் பெரிதாக்கினால் அந்தத் துப்பும் அழியும், எம்.ஜி.ஆர். குள்ளமாகவும் தெரிவார்.

இளையவர்களுக்கென்று வைக்கும் சட்டகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘பிரண்ட்ஸ்’ (2001) படத்து நேசமணியின் முகம் 2019இல் இணையத்தில் உலகம் சுற்றியது. ‘வின்னர்’ (2003) படத்துக் கைப்புள்ளையும் அப்படித்தான். முகத்தைக் காட்டி யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். “இந்தச் சட்டகத்துக்கு அடுத்த நொடி என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். படத்தை உண்மையாகவே பார்த்தவர் யார் என்று அப்போது தெரியும்.

வெட்டும் வேலை

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். நம்மிடம் உள்ள குறுந்தகட்டிலிருந்தோ கோப்பிலிருந்தோ VLC செயலியில் படத்தை ஓட்டி, வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். E விசையைத் தட்டத் தட்டச் சட்டகம் ஒவ்வொன்றாக நகரும். கண் மூடிய முகமும் அசைவில் கலங்கிய கையும் இல்லாத சட்டகம் வந்ததும் விண்டோஸ் கணினியில் Shift+S தட்டினால் படம் சேமிக்கப்படும். ஓடிடி தளங்களில் இந்த வேலை நடக்காது. பெரும்பாலும் கறுப்புச் சதுரம்தான் பதிவாகும்.

ஒலிக்கு Audacity என்ற இலவச மென்பொருள் போதும். வேண்டிய நொடிகளைத் தேர்ந்து Ctrl+T தட்டினால் மற்றவை நீங்கும். தொடக்கத்திலும் முடிவிலும் கால் நொடி ஒலியை மெல்ல ஏற்றி இறக்கினால் வெட்டிய இடத்தில் ‘டக்’கென்ற ஓசை வராது. அதைவிட முக்கியம் ஒலி அளவைச் சமப்படுத்துவது. 1950களின் துண்டு முணுமுணுப்பாகவும் அடுத்து வரும் புதுப் படத் துண்டு இடியாகவும் இருந்தால், யாராவது ஒலியைக் குறைப்பார்கள், அதற்கடுத்த பழைய துண்டு யாருக்கும் கேட்காது. அந்த மென்பொருளின் Loudness Normalization கட்டளையை எல்லாத் துண்டுக்கும் ஒரே எண்ணில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு எல்லாக் கோப்புக்கும் 01.mp3, 02.mp3 என்று கவனமாகப் பெயர் மாற்றியிருந்தேன். தொலைக்காட்சியில் இணைத்து முதல் துண்டைப் போட்டதும் திரையில் படத்தின் பெயரும் இசைத்தட்டு அட்டையும் பளிச்சென்று வந்து நின்றன. ஒலிக் கோப்புக்குள்ளேயே பாட்டின் பெயர், படத்தின் பெயர், அட்டைப் படம் எல்லாம் பதிந்திருக்கும், வெளிப் பெயரை மாற்றினால் அவை போகாது. ஏற்றுமதி செய்யும்போது Metadata Editor பலகையில் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அழிந்ததா என்பதை அன்று மாலை பயன்படுத்தப்போகும் அதே தொலைக்காட்சியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதான் உறுதியான வழி.

அந்த ஒத்திகையையே ஆட்டத்தில் சேராத ஒருவரை வைத்து நடத்துங்கள். எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா உதவுகிறார். முதல் துண்டு ஓடி முடிவதற்குள் அவர் சொல்லிவிட்டால் கேள்வி எளிது, துண்டை மாற்றுவேன். மூன்றாவது படியிலும் பிடிபடவில்லை என்றால் கேள்வியையே எடுத்துவிடுவேன். இரண்டாம் படியில் நெற்றியைச் சுருக்கி, மூன்றாவதில் “அட!” என்றால் அப்படியே வைத்துக்கொள்வேன்.

கூடத்தில்

பெரியவர்களை ஒலிபெருக்கிக்கு அருகில் உட்கார வையுங்கள். சின்ன ப்ளூடூத் ஒலிபெருக்கியில் அடித்தாளம் தூக்கலாக இருந்தால் பழைய வசனத்தின் சொற்கள் அமுங்கிவிடும், அதைக் குறையுங்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை போடுங்கள், கேட்டால் மூன்றாவது முறையும். வசனச் சுற்றை முதலில் வைப்பது நல்லது. கூடம் அமைதியாக இருக்கும், பெரியவர்கள் முதலில் புள்ளி எடுத்தால் கடைசிவரை ஆர்வமாக இருப்பார்கள். காபிக்குப் பிறகு நிழற்படம், முடிவில் இசை. இசைச் சுற்று வந்தபின் யாரும் பாடாமல் இருக்க மாட்டார்கள், அதற்குப் பிறகு வேறு சுற்று நடத்த முடியாது.

விடையில் பெயர்க் குழப்பம் வரும். ‘விக்ரம்’ என்றால் 1986ஆ, 2022ஆ? ‘பில்லா’ என்றால் ரஜினியா, அஜித்தா? ‘தில்லு முல்லு’ 2013இலும் வந்தது. படத்தின் பெயரோடு நாயகன் பெயரையும் எழுத வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் வாக்குவாதம் பாதி குறையும்.

விடை சொன்னதும் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். அந்தத் துண்டு வரும் காட்சியை அரை நிமிடம், முக்கால் நிமிடம் ஓட்டிக் காட்டத் தயாராக வைத்திருங்கள். பன்னிரண்டு பேரும் புள்ளியை மறந்து பார்ப்பது அதைத்தான். அம்மா ஒலியாகவே சுமந்து வைத்திருந்த காட்சியைப் பேத்தி கண்ணால் முதல்முறை பார்க்கும் இடமும் அதுதான்.

அன்று திருவிளையாடல் கேள்விக்குப் பிறகு தருமி புலம்பும் காட்சியை ஓட்டினேன். அம்மா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை அரை நொடி முன்னதாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பேத்தி திரையையும் பார்க்கவில்லை, அப்பத்தாவின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நக்கீரர் வந்ததும் நான் துணைக் கேள்வி ஒன்று கேட்டேன்: “இவர் யார்?” யாருக்கும் தெரியவில்லை. படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனே அவர் என்றதும் அம்மா கண்ணைத் திறந்தார்.

“அப்படியா? எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன், முகத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்று சொல்லித் திரைக்கு அருகில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.